கூப்பனாலா, கூப்பனோடா?

அந்தப் பெண் இன்டர்னாகச் சேர்ந்து ஆறாவது வாரம். அவள் எழுதிய அறிக்கை ஒரே பக்கம்தான். மேலே தடித்த எழுத்தில் ஒரு வரி: "50 ரூபாய் கூப்பனால், வாங்குவோர் விகிதம் 21 சதவீதத்திலிருந்து 55.6 சதவீதமாக உயர்ந்துள்ளது." அதன் கீழே குட்டையும் நெட்டையுமாக இரண்டு பட்டைகள். மறுநாள் காலையில் அது மேனேஜரிடம் போக வேண்டும். அவர் கேட்டிருந்ததும் ஒரே கேள்விதான்: அடுத்த மாதமும் கூப்பன் கொடுக்கலாமா?

வீட்டுக்கு மளிகை கொண்டுவந்து தரும் ஓர் ஆப் நிறுவனம் அது. பெயர் வேண்டாம். கணக்கு எளிதாகப் புரிய வேண்டும் என்பதற்காக எண்களையும் மாற்றி அமைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் 10,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். 4,000 பேருக்கு ஆப் வழியே கூப்பன் போயிற்று, 6,000 பேருக்குப் போகவில்லை. கூப்பன் பெற்றவர்களில் 2,224 பேர் அந்த மாதம் ஏதாவது வாங்கினார்கள், அதாவது 55.6 சதவீதம். பெறாதவர்களில் வாங்கியவர்கள் 1,260 பேர், 21 சதவீதம். எக்செல்லில் நானே இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். கணக்கில் பிழை இல்லை.

பிழை வாக்கியத்தில் இருந்தது. முதலில் "உயர்ந்துள்ளது" என்ற சொல்லைப் பாருங்கள். எதுவும் உயரவே இல்லை. 21 சதவீதத்தில் இருந்த ஒரு கூட்டம் 55.6-க்கு ஏறவில்லை. இரண்டு வேறு வேறு கூட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறோம், அவ்வளவுதான். இரண்டாவது பிழை இன்னும் சிறியது, இன்னும் ஆபத்தானது. "கூப்பனால்" என்பதில் உள்ள "ஆல்".

பள்ளியில் படித்த மூன்றாம் வேற்றுமையை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஆல், ஆன், ஒடு, ஓடு என்று நான்கு உருபுகள். "வாளால் வெட்டினான்" என்றால் வாள் கருவி, வெட்டு அதன் வேலை. "மகனோடு வந்தாள்" என்றால் இருவரும் சேர்ந்து வந்தார்கள், அதற்கு மேல் அந்த உருபு எதையும் சொல்வதில்லை. மகன் அழைத்து வந்தானா, தாய் இழுத்து வந்தாளா, இருவரையும் வேறொருவர் வரச் சொன்னாரா என்பது அதில் இல்லை. இலக்கணம் கருவியையும் உடனிகழ்ச்சியையும் ஒரே வேற்றுமையில் வைத்தது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்று பொருளைப் பிரித்தும் காட்டியது. புள்ளியியலில் ஒட்டுறவு என்று சொல்வது இந்த "ஓடு"தான். இரண்டு சங்கதிகள் சேர்ந்து காணப்படுகின்றன. தரவு தானாக நம் கையில் தருவது இதை மட்டுமே. "ஆல்" என்று எழுத வேறு சான்று வேண்டும்.

"காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இதுதானே" என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பழமொழி தற்செயலைப் பற்றியது. 10,000 பேர் உள்ள தரவில் 34 புள்ளி வித்தியாசம் தற்செயலாக வராது. அது உண்மையான வித்தியாசம். நாம் தேட வேண்டியது வேறு. ஒருவேளை பழம் நன்றாகப் பழுத்திருந்தது, அந்த மணத்துக்குத்தான் காக்கை வந்தது, பழுத்திருந்த காரணத்தாலேயே பழமும் விழுந்தது. இங்கே காக்கையும் விழுதலும் சேர்ந்தே வரும், ஒவ்வொரு முறையும் வரும். ஆனாலும் தள்ளிவிட்டது காக்கை அல்ல. அலுவலகத் தரவில் நம்மை ஏமாற்றுவது பெரும்பாலும் இந்த வகைதான்.

அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "கூப்பன் யார் யாருக்கு அனுப்பணும்னு யார் முடிவு பண்ணாங்க? எப்படிப் பண்ணாங்க?" அவளுக்குத் தெரியவில்லை. தரவுத்தளத்தில் `coupon` என்று ஒரு நிரல் இருந்தது. அதில் 1 அல்லது 0. அந்த 1 எப்படி அங்கே வந்தது என்று எந்த நிரலிலும் எழுதியிருக்கவில்லை. எழுந்து மார்க்கெட்டிங் பிரிவுக்குப் போனவள் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். "முந்தின 15 நாள்ல ஆப்பைத் திறந்தவங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்காங்க அக்கா. அப்படின்னா ஏற்கெனவே வாங்குறவங்களுக்குத்தானே போயிருக்கும்?"

இந்த விஷயத்தில் பாதி வேலை அந்தப் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மார்க்கெட்டிங் பிரிவின் விதியில் தவறு எதுவும் இல்லை. ஆப்பைத் திறக்காதவருக்குக் கூப்பன் அனுப்பினால் அவர் பார்க்கவே மாட்டார். ஆனால் அந்த விதி, தரவு பிறப்பதற்கு முன்பே இரண்டு கூட்டங்களையும் வேறு வேறாக்கிவிட்டது. எந்த ஒப்பீட்டிலும் நான் முதலில் தேடுவது இதைத்தான். யார் எந்தப் பக்கம் போனார்கள் என்பதை எது தீர்மானித்தது? நாணயத்தைச் சுண்டிப் போட்டுப் பிரித்தார்களா, ஒரு விதி பிரித்ததா, அவர்களே விரும்பிப் போனார்களா? விடை எந்த நிரலிலும் இருக்காது. மனிதர்களிடம் போய்க் கேட்க வேண்டும்.

பிறகு கணினிக்குத் திரும்பினோம். அவள் முதலில் எழுதியிருந்த வரி இது:

```python
df.groupby("coupon")["bought"].agg(["count", "mean"])
```

அதில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தோம். முந்தைய மாதம் வாங்கியவரா இல்லையா என்பதைக் குறிக்கும் நிரல் அது:

```python
df.groupby(["regular", "coupon"])["bought"].agg(["count", "mean"])
```

இப்போது இரண்டு வரிக்குப் பதில் நான்கு வரி வந்தது. கூப்பன் பெற்ற 4,000 பேரில் 3,200 பேர் முந்தைய மாதமும் வாங்கியவர்கள். அவர்களை வழக்கக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம். 800 பேர் மட்டுமே முந்தைய மாதம் வாங்காமல் இருந்தவர்கள். கூப்பன் பெறாத 6,000 பேரில் நிலைமை தலைகீழ்: வழக்கக்காரர்கள் 1,200, வாங்காமல் இருந்தவர்கள் 4,800. ஒரு கூட்டத்தில் வழக்கக்காரர்கள் 80 சதவீதம், இன்னொன்றில் 20 சதவீதம்.

இனி ஒத்தவர்களை ஒத்தவர்களோடு நிறுத்திப் பாருங்கள். வழக்கக்காரர்களில் கூப்பன் பெற்றவர்கள் 66 சதவீதம் பேர் வாங்கினார்கள், பெறாதவர்கள் 65 சதவீதம். வாங்காமல் இருந்தவர்களில் கூப்பன் பெற்றவர்கள் 14 சதவீதம், பெறாதவர்கள் 10 சதவீதம். 34 புள்ளி என்று நெட்டையாக நின்ற வித்தியாசம், பிரித்துப் பார்த்ததும் ஓரிடத்தில் 1 புள்ளியாகவும் இன்னோரிடத்தில் 4 புள்ளியாகவும் சுருங்கிவிட்டது. மீதி எங்கே போயிற்று? அது கூப்பனின் வேலையே அல்ல. வழக்கமாக வாங்குகிறவர்கள் வழக்கம்போல வாங்கினார்கள். கூப்பன் அவர்களோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டது.

இதை ரூபாயில் பார்த்தால்தான் மேனேஜருக்கு உறைக்கும். வாங்கிய 2,224 பேரும் கூப்பனைப் பயன்படுத்தினார்கள் என்று கொண்டால், செலவு 1,11,200 ரூபாய். முதல் அறிக்கையை நம்பினால், 4,000 பேரில் 34.6 சதவீதம், அதாவது 1,384 பேர் கூப்பனால் புதிதாக வாங்கியவர்கள் ஆகிறார்கள். தலைக்கு 80 ரூபாய் செலவு. எந்த மேனேஜரும் தயங்காமல் கையெழுத்துப் போடுவார். இரண்டாவது கணக்கின்படி கூடுதலாக வாங்கியவர்கள் வழக்கக்காரர்களில் 32 பேர், மற்றவர்களில் 32 பேர், ஆக 64 பேர். தலைக்கு 1,737 ரூபாய். அதே தரவு, அதே மாதம், அதே கூப்பன்.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். வழக்கக்காரர்களுக்குப் போன தள்ளுபடி மட்டும் 1,05,600 ரூபாய். அதற்குக் கிடைத்த கூடுதல் ஆட்கள் 32 பேர், தலைக்கு 3,300 ரூபாய். வாங்காமல் இருந்தவர்களுக்குப் போனது 5,600 ரூபாய்தான். அதற்கும் கிடைத்தது 32 பேர், தலைக்கு 175 ரூபாய். ஆக, மேனேஜருக்குச் சொல்ல வேண்டிய செய்தி "கூப்பன் வேலை செய்கிறது" என்பதும் அல்ல, "கூப்பன் வீண்" என்பதும் அல்ல. பணம் எங்கே கரைகிறது, எங்கே கொஞ்சமாவது முளைக்கிறது என்பதே செய்தி.

இந்த இடத்தில் அந்தப் பெண்ணுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்போ 64 பேர்னு எழுதிடலாமா அக்கா?" என்றாள். வேண்டாம் என்றேன். இரண்டு காரணங்கள்.

முதலாவது, வழக்கக்காரர்களிடம் தெரிந்த அந்த 1 புள்ளி. 3,200 பேரையும் 1,200 பேரையும் ஒப்பிடும்போது, கூப்பனுக்கு எந்தப் பலனும் இல்லாவிட்டாலும் இரண்டு விகிதங்களும் ஒரு புள்ளி அப்படி இப்படி விலகி நிற்பது சாதாரணம். கணக்குப் போட்டுப் பார்த்தால், உண்மையான வித்தியாசம் ஏறத்தாழ 2 புள்ளி குறைவு என்பதிலிருந்து 4 புள்ளி அதிகம் என்பது வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 4 புள்ளி வித்தியாசம் காட்டிய மற்றவர்களிடம் அது சுமார் ஒன்றரையிலிருந்து ஆறரை வரை. பின்னதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது, முன்னதைத் தள்ளிவிடலாம்.

இரண்டாவது காரணம் ஆழமானது. நாம் பிரித்தது நம்மிடம் இருந்த ஒரு நிரலை வைத்து மட்டும். வாங்காமல் இருந்தவர்களில் கூப்பன் பெற்ற அந்த 800 பேரைப் பாருங்கள். அவர்களும் அந்த 15 நாளில் ஆப்பைத் திறந்தவர்கள்தானே? எண்ணெய் விலை பார்த்திருப்பார்கள், பருப்பைக் கூடையில் போட்டுவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். மற்ற 4,800 பேர் எட்டியே பார்க்காதவர்கள். அப்படியானால் கூப்பன் இல்லாமலேயே அந்த 800 பேர் கொஞ்சம் அதிகம் வாங்கியிருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே அந்த 4 புள்ளியிலும் ஒரு பங்கு கூப்பனுடையது அல்ல. எவ்வளவு என்று தெரியாது, ஆனால் எந்தத் திசையில் என்று தெரியும். மிச்சமிருக்கும் பிசகு கூப்பனுக்குச் சாதகமாகத்தான் இருக்கும், உண்மைப் பலன் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். நிறைய அறிக்கைகளில் "வேறு காரணிகளும் இருக்கலாம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது யாருக்கும் உதவாது. எந்தக் காரணி, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று எழுதினால் மட்டுமே படிப்பவருக்கு அதை வைத்து ஏதாவது செய்ய முடியும்.

மறைந்திருக்கும் காரணம் என்ற இந்த வாதத்துக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. 1950-இல் பிரிட்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் இருவரும் புகைபிடித்தலும் நுரையீரல் புற்றுநோயும் சேர்ந்தே காணப்படுவதைக் காட்டினார்கள். நவீனப் புள்ளியியலின் மூலவர்களில் ஒருவரான ரொனால்டு ஃபிஷர் அதை ஏற்கவில்லை. புகைக்கும் நாட்டத்தையும் புற்றுநோயையும் ஒரே பரம்பரைக் கூறு கொண்டுவரலாமே என்றார். வாதத்தில் தர்க்கப் பிழை இல்லை. 1959-இல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் அவரது சகாக்களும் அதற்குப் பதில் சொன்னபோது, ஓர் எளிய அளவுகோலை வைத்தார்கள். புகைப்பவருக்குப் புற்றுநோய் வாய்ப்பு 9 மடங்கு என்றால், அதை முழுவதும் விளக்கக்கூடிய மறைகாரணம், புகைக்காதவரைவிடப் புகைப்பவரிடம் குறைந்தது 9 மடங்கு அதிகமாகக் காணப்பட வேண்டும். அவ்வளவு வலுவான ஒன்றை யாராலும் காட்ட முடியவில்லை. புகைப்பதுதான் காரணம் என்று உலகம் ஏற்றது, மனிதர்களைப் பிரித்துப் புகைக்கச் சொல்லும் சோதனை எதுவும் இல்லாமலே.

அந்த அளவுகோலை நம் கூப்பன் மீது வைத்துப் பாருங்கள். 55.6-ஐ 21-ஆல் வகுத்தால் 2.6 மடங்கு. வழக்கக்காரர்கள் ஒரு பக்கம் 80 சதவீதம், மறுபக்கம் 20, அதாவது 4 மடங்கு. வித்தியாசம் முழுவதையும் விழுங்கும் அளவுக்கு அந்த மறைகாரணத்துக்கு இடம் இருந்தது. "ஒட்டுறவு காரணம் ஆகாது" என்ற வாக்கியத்தை எல்லா இடத்திலும் முத்திரைபோலக் குத்தக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். சந்தேகத்துக்கும் அளவு உண்டு, அதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

இது புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மட்டும் செய்யும் தவறு என்று நினைக்க வேண்டாம். ஈபே நிறுவனத்தின் பொருளாதார ஆய்வாளர்கள் தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டாடெலிஸ் ஆகியோர் தங்கள் நிறுவனத்தின் தேடுபொறி விளம்பரங்களைச் சோதித்து எழுதிய கட்டுரை 2015-இல் எகனாமெட்ரிகா ஆய்விதழில் வெளியானது. ஒருவர் தேடுபொறியில் "ebay" என்று தட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஈபேயின் விளம்பரம், அதற்குக் கீழே ஈபேயின் இலவச இணைப்பு. அவர் மேலே உள்ளதைத் தொடுகிறார், உள்ளே போகிறார், வாங்குகிறார். கணக்கேட்டில் அந்த விற்பனை விளம்பரத்தின் பேரில் ஏறுகிறது. விளம்பரம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று ஏடு கேட்பதில்லை.

2012 மார்ச்சில் அவர்கள் யாஹூ, எம்எஸ்என் தேடல்களில் ஈபே பெயருக்கான விளம்பரங்களை நிறுத்திப் பார்த்தார்கள். நின்றுபோன கிளிக்குகளில் 99.5 சதவீதம் கீழே இருந்த இலவச இணைப்பு வழியாக அப்படியே வந்து சேர்ந்தன. பிறகு பெயர் சாராத விளம்பரங்களையும் அமெரிக்காவின் ஏறத்தாழ 30 சதவீதப் பகுதிகளில் நிறுத்திப் பார்த்தார்கள். விற்பனையில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இல்லை. விளம்பரச் செலவையும் விற்பனையையும் வெறுமனே சேர்த்து வைத்துப் பார்க்கும் வழக்கமான கணக்கு 4,100 சதவீதத்துக்கும் மேல் லாபம் என்று காட்டியது. சோதனைக் கணக்கு 63 சதவீதம் நஷ்டம் என்றது. அரிதாக வாங்குபவர்களிடமும் புதியவர்களிடமும் மட்டும் விளம்பரத்துக்கு ஓரளவு பலன் இருந்தது. நம் கூப்பன் கதையின் அதே வடிவம். அடிக்கடி வருகிறவருக்கு அழைப்பிதழ் தேவையில்லை.

மீண்டும் அந்த ஒரு பக்க அறிக்கைக்கு வருகிறேன். அதை எப்படித் திருத்துவது?

மேனேஜர் எதற்காகக் கேட்கிறார் என்று முதலில் தெரிய வேண்டும். அடுத்த மாதம் கிடங்கில் எவ்வளவு அரிசி வைக்கலாம் என்று கேட்டிருந்தால் முதல் அறிக்கையே போதும். அந்தப் பட்டியலில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் வாங்குவார்கள் என்பது நல்ல முன்கணிப்பு. ஏன் வாங்குகிறார்கள் என்பது அரிசிக்குத் தேவையில்லை. அங்கே "ஓடு" போதும். ஆனால் இவர் கேட்டது கூப்பனைத் தொடரலாமா என்று. ஒன்றைச் செய்யலாமா, நிறுத்தலாமா, மாற்றலாமா என்று கேள்வி வந்துவிட்டால் "ஆல்" இல்லாமல் பதில் சொல்ல முடியாது.

அடுத்து, சொற்கள். "ஆல்" பல வேடங்களில் வரும். உயர்த்தியது, ஊக்குவித்தது, பலன் தந்தது, கைகொடுத்தது, இதன் விளைவாக, இதைத் தொடர்ந்து, எல்லாமே அதுதான். படத்தின் தலைப்பில் "கூப்பனின் பலன்" என்று எழுதினால், கீழே எத்தனை எச்சரிக்கை எழுதினாலும் பயன் இல்லை, அவசரத்தில் இருப்பவர் தலைப்பை மட்டுமே படிப்பார். "கூப்பனால் உயர்ந்திருக்கலாம்" என்று தணித்து எழுதுவதும் தப்பிக்க உதவாது. படிப்பவர் மனதில் "கூப்பனால்" தங்கும், "கலாம்" உதிர்ந்துவிடும். "கூப்பன் பெற்றவர்களில் இத்தனை பேர், பெறாதவர்களில் இத்தனை பேர்" என்று இரண்டு கூட்டங்களையும் பெயர் சொல்லி எழுதினால் அந்தத் தொல்லையே இல்லை.

அவள் திருத்தி எழுதியது இது. "கூப்பன் பெற்றவர்களில் 55.6 சதவீதம் பேரும், பெறாதவர்களில் 21 சதவீதம் பேரும் இந்த மாதம் வாங்கினார்கள். ஆப்பை அண்மையில் திறந்தவர்களுக்கு மட்டுமே கூப்பன் போனதால், இந்த வித்தியாசத்தைக் கூப்பனின் கணக்கில் எழுத முடியாது. முந்தைய மாதம் வாங்கியவர்களை மட்டும் ஒப்பிட்டால் வித்தியாசம் 1 புள்ளி, அது தற்செயலாகவும் இருக்கலாம். வாங்காமல் இருந்தவர்களிடம் 4 புள்ளி, உண்மைப் பலன் அதைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பு. முன்னவர்களுக்குக் கூப்பனை நிறுத்தலாம் என்பதும், பின்னவர்களிடம் ஒரு மாதம் சோதித்துப் பார்க்கலாம் என்பதும் என் பரிந்துரை."

"முன்னவர்களோட கணக்கு உறுதியா தெரியாதப்போ நிறுத்தச் சொல்லலாமா அக்கா?" என்று தயங்கினாள். நல்ல கேள்வி. அந்த 1 புள்ளி மெய்யா பொய்யா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு பக்கமும் சுமார் 36,000 பேர் வேண்டும். இவர்களிடம் இருக்கும் வழக்கக்காரர்களே 4,400 பேர். ஆகவே இந்தத் தரவு அதற்கு ஒருநாளும் பதில் சொல்லாது. ஆனால் பதில் தேவையும் இல்லை. மிகவும் தாராளமாக, பலன் 4 புள்ளி என்றே வைத்துக்கொண்டாலும் கூடுதலாகக் கிடைப்பவர் 128 பேர், தலைக்கு 825 ரூபாய். 50 ரூபாய்க் கூப்பனுக்கு அது கட்டாது. எண் தெரியாவிட்டாலும் முடிவு தெரிகிறது. மேனேஜருக்கு வேண்டியது அதுதான்.

சோதனை வாங்காமல் இருந்தவர்களிடம்தான் அர்த்தமுள்ளது. அவர்கள் 5,600 பேர். விதியால் பிரிக்காமல், கணினியைச் சீட்டுக் குலுக்கச் சொல்லி 2,800 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்:

```python
test = dormant.sample(frac=0.5, random_state=7)
```

அவர்களுக்குக் கூப்பன், மற்ற 2,800 பேருக்கு இல்லை. ஆப்பைத் திறந்தவர், திறக்காதவர், பெரிய குடும்பம், சிறிய குடும்பம் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமமாக விழுந்துவிடும், நாம் நிரல் போட்டு வைக்காத சங்கதிகளும் கூட. இடையில் தீபாவளி வந்தால் இரண்டு பக்கத்துக்கும் வரும். பலன் மெய்யாகவே 4 புள்ளி என்றால் ஒரு பக்கம் 392 பேரும் மறுபக்கம் 280 பேரும் வாங்குவார்கள். இந்த அளவு ஆட்களை வைத்துக்கொண்டு தற்செயலாக ஒன்றே முக்கால் புள்ளிக்கு மேல் விலகுவது அரிது. ஆகவே 4 புள்ளி இருந்தால் பளிச்சென்று தெரியும். மொத்தத் தள்ளுபடிச் செலவு 20,000 ரூபாய்க்குள் அடங்கும்.

இரண்டு இடங்களில் சோதனை கெட்டுப்போகும். கூப்பன் எண் கணக்கோடு பிணைக்கப்படாமல் இருந்தால், கிடைத்தவர் அதை வாட்ஸ்அப்பில் தங்கைக்கு அனுப்புவார், கூப்பன் பெறாத பக்கமும் நனைந்துவிடும். இன்னொன்று கணக்கெடுக்கும்போது நேர்வது. கூப்பனைப் பயன்படுத்தியவர்களை மட்டும் எடுத்து மற்றவர்களோடு ஒப்பிடத் தோன்றும். பயன்படுத்தியவர் எல்லாருமே வாங்கியவர்கள்தான், 100 சதவீதம். சீட்டுக் குலுக்கியதன் பயன் அந்த நொடியே போய்விடும். அனுப்பப்பட்ட 2,800 பேரையும், திறந்தே பார்க்காதவர் உட்பட, முழுவதாக எண்ண வேண்டும்.

மேனேஜர் புதிய அறிக்கையைப் படித்துவிட்டு, "போன மாதம் வேற மாதிரி சொன்னாங்களேம்மா" என்று மட்டும் கேட்டார். போன மாதம் யாரும் பட்டியல் எப்படித் தயாரானது என்று கேட்கவில்லை என்று அவள் சொன்னாள். சோதனைக்கு அவர் ஒப்புக்கொண்டார்.

இதைப் படிக்கும் யாராவது இந்த வாரம் ஓர் அறிக்கையை அனுப்ப வேண்டியிருந்தால், அனுப்பும் முன் அதில் "ஆல்" எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் நின்று, அந்தப் பட்டியலைத் தயாரித்தவர் யார் என்று விசாரித்து, அவர் மேசைக்கு எழுந்து போய்க் கேளுங்கள்.